போர்வெல் பழுதுச் செலவு: 12 வீடுகளுக்கும் எப்படிப் பிரிப்பது? விலக்கு யாருக்கு?

மாடிவீட்டுச்செயலர் | சனி, காலை 9:12

மேடவாக்கம் பக்கம் 12 வீடுகள் கொண்ட சிறிய குடியிருப்பு எங்களுடையது. தரையில் வாகன நிறுத்தம், மேலே மூன்று தளங்கள். போன மாதம் போர்வெல் மோட்டார் நின்றுவிட்டது. ஆறு நாள் லாரித் தண்ணீரில் ஓட்டினோம். வேலை முடிந்து தண்ணீர் வருகிறது. இப்போது பணம் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது இது:

"அன்புள்ள உரிமையாளர்களே, போர்வெல் பழுதுக்கு ரூ. 82,800, லாரித் தண்ணீருக்கு ரூ. 12,000, ஆக ரூ. 94,800 செலவாகியுள்ளது. பழைய மோட்டாரை எடைக்குப் போட்டதில் ரூ. 4,800 வந்தது. சங்க இருப்பிலிருந்து ரூ. 18,000 எடுத்துக்கொள்கிறோம். முன்பணமாக ரூ. 10,000 ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. மீதி ரூ. 62,000. பூட்டியிருக்கும் 203, விற்காத 304, தனியாக வசிக்கும் அம்மாவின் 104 ஆகிய மூன்றுக்கும் விலக்கு. மற்ற 9 வீடுகளும் ஆளுக்கு ரூ. 6,889 செலுத்தவும்."

குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் நான்கு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கணக்கில் தவறு இருக்கிறதா, அல்லது எழுதிய விதத்திலா?

கணக்குப்பிள்ளை | சனி, காலை 9:40

இரண்டிலும் இருக்கிறது, சார். முதலில் ஒரே ஒரு கேள்வி: அந்தப் பத்தாயிரம் முன்பணம் யார் கையிலிருந்து போனது?

மாடிவீட்டுச்செயலர் | சனி, காலை 9:44

என் கையிலிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை, வங்கி கிடையாது, ஆட்கள் வாசலில் நின்றார்கள். நான் 301.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 10:05

அப்படியானால் உங்கள் கடிதப்படி நீங்கள் ரூ. 16,889 கட்டுகிறீர்கள். பத்தாயிரத்தை மொத்தச் செலவிலிருந்து கழித்து எல்லோருடைய சுமையையும் குறைத்துவிட்டீர்கள். பிறகு உங்கள் பங்கு என்று 6,889 வேறு. யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை; கேட்டால் அல்லவா திருப்பித் தர வேண்டும்!

முன்பணம் என்பது செலவு குறைந்ததற்கு அடையாளம் இல்லை. சங்கம் தர வேண்டிய பணத்தை உங்களிடம் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். மொத்தத்தில் கை வைக்காதீர்கள். எல்லோருடைய பங்கையும் போட்டு முடித்துவிட்டு, 301-இன் பங்கில் மட்டும் பத்தாயிரத்தைக் கழியுங்கள். அந்தப் பங்கு பத்தாயிரத்துக்குக் குறைவாக வந்தால் மீதியைச் சங்கம் உங்களுக்குத் தர வேண்டும்.

ஆக, பிரிக்க வேண்டிய தொகை 72,000. இதற்குள் இரண்டு வேறு செலவுகள் இருக்கின்றன. சண்டை அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கோவை_சுமதி | சனி, காலை 10:31

எங்கள் பகுதியில் 900 அடி போட்டும் காற்றுதான் வந்தது. பழைய போரில் காசைக் கொட்டாமல் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டுகளில் மறுபடியும் இதே கதைதான் நடக்கும்.

மாடிவீட்டுச்செயலர் | சனி, காலை 10:38

அம்மா, வேலை முடிந்துவிட்டது, தண்ணீரும் வருகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் இப்போது கேள்வி.

கிணற்றடி | சனி, காலை 11:15

புதிதாகப் போடுவது அவ்வளவு எளிதும் இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதியில் 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது, புதுக் கிணற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும்.

பங்கு பிரிப்பதற்கு முன்னால் அந்த 82,800 என்ன என்று சொல்லுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக மோட்டார் இறக்கி ஏற்றுகிறவன் நான். ஒற்றை வரியில் "பழுதுச் செலவு" என்று எழுதினால் நானே பணம் தர மாட்டேன். மோட்டார் உண்மையில் எரிந்துதான் போனதா, வெறுமனே சிக்கிக்கொண்டதா? யார் பார்த்தது?

மாடிவீட்டுச்செயலர் | சனி, பகல் 12:20

பில்லைப் பார்த்து எழுதுகிறேன், வரி உட்பட. பழைய மோட்டாரைத் தூக்கியதற்கு 6,000. கேமரா விட்டுப் பார்த்ததற்கு 4,000. கம்ப்ரஸர் வைத்து ஐந்து மணி நேரம் சுத்தம் செய்ததற்கு 11,000. புதிய 3 ஹெச்பி நீர்மூழ்கி மோட்டார் 34,500. கேபிள் 240 அடிக்கு 8,400. பத்தடிக் குழாய் ஆறு, 5,700. கட்டுப்பாட்டுப் பெட்டி 6,200. இறக்கி மாட்டிய கூலி 7,000.

போர் 260 அடி. மோட்டார் 200 அடியில் தொங்கியது. கேமராவில் 230 அடிக்குக் கீழே மணல் மூடியிருந்தது. மேலே எடுத்தபோது மோட்டாரிலிருந்து கருகிய வாடை வந்தது. எலக்ட்ரீஷியன் மின்கசிவு பார்க்கும் மெக்கர் வைத்துப் பார்த்துவிட்டு, மோட்டாரின் காயில் சுருள் அதன் உடலோடு ஒட்டிவிட்டது என்றார்.

கிணற்றடி | சனி, பகல் 12:52

அப்படியானால் எரிந்ததுதான். கோடையில் நீர்மட்டம் இறங்கி, தண்ணீர் இல்லாமல் ஓடி எரிந்திருக்கும். அதற்குச் சில வாரம் முன்பிருந்தே குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுக் காற்றோடு வந்திருக்கும், தொட்டியின் அடியில் மணல் படிந்திருக்கும். யாராவது கவனித்தார்களா என்று கேளுங்கள்.

பில் நியாயமாகத்தான் தெரிகிறது. கேபிளைப் பார்க்கிறேன்: 200 அடி தொங்கல், மேலே பெட்டி வரை 40 அடி, சரியாக வருகிறது. பெரும்பாலும் இங்கேதான் அடி கூட்டுவார்கள். பழைய மோட்டாரைக் காயில் மாற்றி ஓட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும், ஆனால் மணல் தின்ற இம்பெல்லரோடு அது எத்தனை நாள் ஓடும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 6,200-க்கு வாங்கிய பெட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிறுத்தும் வசதி இருக்கிறதா, இருந்தால் அதை இயக்கி வைத்தார்களா? வாங்கி மாட்டிவிட்டு அமைக்காமல் போகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த எட்டு வரிகளையும் கடிதத்தோடு வையுங்கள். மோட்டாரின் வரிசை எண் தெரியும்படி ஒரு படமும் வையுங்கள். பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மூன்றுபடுக்கை | சனி, பிற்பகல் 2:10

என் கருத்து: தண்ணீர்ச் செலவை ஆள் கணக்கில்தான் பிரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் மட்டும். எதிர் வீட்டில் ஆறு பேர், தினமும் இரண்டு முறை துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறது. மோட்டாரை ஓட்டித் தேய்த்தது யார்?

கணக்குப்பிள்ளை | சனி, பிற்பகல் 3:25

நீங்கள் சொல்வது பாதி சரி, ஐயா. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

லாரித் தண்ணீரைக் குடித்தவர்கள், குளித்தவர்கள்தான் தீர்த்தார்கள். அந்த 12,000 பயன்பாட்டுச் செலவு. பூட்டிய வீட்டில் ஒரு சொட்டும் போகவில்லை. ஆகவே 203-க்கும் 304-க்கும் அதிலிருந்து விலக்கு கொடுப்பது முழு நியாயம். ஆள் இருந்த 10 வீடுகளும் வீட்டுக்கு 1,200. வேண்டுமானால் ஆள் கணக்கிலும் பிரிக்கலாம், ஆனால் அந்த ஆறு நாளில் யார் வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கப் போனால் புதுச் சண்டை வரும். 1,200 ரூபாய்க்கு அந்தத் தலைவலி தேவையா?

மோட்டார் அப்படியில்லை. மோட்டார், கேபிள், குழாய், பெட்டி எல்லாம் 12 பேருக்கும் சொந்தமான பொதுச் சொத்து. நாளை 203-ஐ விற்கும்போது "போர்வெல் தண்ணீர் உண்டு" என்று சொல்லித்தான் விற்பார்கள். வீடு பூட்டியிருப்பதால் அந்தச் சொத்தில் அவருடைய பங்கு குறைந்துவிடவில்லை. ஆகவே பழுதுச் செலவில் பூட்டிய வீட்டுக்கு விலக்கு கிடையாது, விற்காத வீட்டுக்கும் கிடையாது. அதை நிலப் பங்கின் விகிதத்தில், பத்திரத்தில் உள்ள பிரிபடாத பாகத்தின் சதுர அடியை வைத்துப் பிரியுங்கள்.

செயலர் ஐயா, உங்கள் பத்திரங்களில் என்ன இருக்கிறது? துணைவிதியில் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? துணைவிதி வேறுமாதிரி சொன்னால் என் பேச்சை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள்.

மாடிவீட்டுச்செயலர் | சனி, மாலை 5:48

துணைவிதியில் "பெரும் பழுது நிலப் பங்கின் விகிதத்தில்" என்று ஒரு வரி இருக்கிறது. இத்தனை நாள் யாரும் படிக்கவில்லை, நானும்தான்.

மனை இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி. மூன்று படுக்கையறை வீடுகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 525. இரண்டு படுக்கையறை வீடுகள் ஆறு, 380. ஒற்றைப் படுக்கையறை வீடுகள் இரண்டு, 210. கூட்டிப் பார்த்தேன், சரியாக 4,800 வருகிறது.

கணக்குப்பிள்ளை | சனி, மாலை 6:30

கூட்டிப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பல குடியிருப்புகளில் பத்திரங்களின் கூட்டுத்தொகை மனை அளவோடு பொருந்தாது. அப்போது மனை அளவால் வகுக்காமல் பங்குகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் வசூல் குறையும் அல்லது மிஞ்சும்.

பழுது 82,800. எடைக்குப் போட்ட 4,800-ஐக் கழித்தால் 78,000. இருப்பிலிருந்து 18,000 போக 60,000. இதை 4,800-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ரூ. 12.50. மூன்று படுக்கையறைக்கு 6,562.50, இரண்டுக்கு 4,750, ஒன்றுக்கு 2,625. அரை ரூபாயை மேலே ஏற்றி 6,563 என்று வையுங்கள். நான்கு வீடுகளிலும் சேர்த்து இரண்டு ரூபாய் மிஞ்சும், அதைச் சங்க இருப்பில் வரவு வைத்துக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். இரண்டு ரூபாய்க்காகக் கேள்வி கேட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 5,000. மூன்று படுக்கையறைக்காரர் இப்போது 1,563 கூடுதலாகக் கட்டுகிறார், அந்த வருத்தம் புரிகிறது.

மூன்றுபடுக்கை | சனி, இரவு 7:55

வருத்தம் புரிந்தால் போதாது. ஆள் இல்லாத பெரிய வீடு அதிகம் கட்ட வேண்டும், ஆறு பேர் வீடு குறைவாகக் கட்ட வேண்டும் என்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் மீட்டர் வைத்தால்தான் இதற்கு முடிவு.

வரித்துறை_நண்பர் | சனி, இரவு 8:20

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். சங்கம் உறுப்பினரிடம் மாதம் ரூ. 7,500-க்கு மேல் வாங்கினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்க்க வேண்டும். இந்த மாதம் பராமரிப்பும் இதுவும் சேர்ந்தால் 7,500-ஐத் தாண்டிவிடும். கடிதத்தில் வரியையும் சேர்த்துக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 8:47

அந்த வரம்பு உண்மைதான். ஆனால் சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை, பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. 12 வீட்டுச் சங்கத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம் எங்கிருந்து வரப்போகிறது? ஒப்பந்தக்காரர் பில்லில் போட்ட வரி செலவிலேயே அடங்கிவிட்டது. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

வேலூர்க்காரி | ஞாயிறு, காலை 7:30

104-இல் இருக்கும் அம்மாவைப் பற்றி யாருமே பேசவில்லையே. கணவர் இல்லை, ஓய்வூதியம் மட்டும். எங்கள் குடியிருப்பில் இப்படி ஒருவருக்கு எல்லாவற்றிலும் விலக்கு கொடுத்திருக்கிறோம், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 9:05

கொடுக்கலாம், அம்மா. ஆனால் கொடுப்பது யார் என்று கடிதம் சொல்ல வேண்டும். அவருடைய 2,625-ஐ விட்டுவிட்டால் அது காற்றில் கரையாது. மீதி 4,590 சதுர அடியின் தலையில் ஏறும். இரண்டு படுக்கையறைக்காரர் 217 ரூபாய் கூடுதலாகக் கட்டுவார், மூன்று படுக்கையறைக்காரர் 300, இன்னொரு ஒற்றைப் படுக்கையறைக்காரர் 120. பொதுக்குழுவில் இந்த மூன்று எண்களையும் படித்துக் காட்டி, சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் என்றால் மனமறிந்த உதவி. சொல்லாமல் 9-ஆல் வகுத்தால், மற்றவர் பையிலிருந்து எடுத்துச் செயலர் தருமம் செய்தது போல் ஆகும்.

முதலில் அந்த அம்மாவிடம் கேட்டீர்களா? விலக்கு வேண்டும் என்று அவர் சொன்னாரா?

மாடிவீட்டுச்செயலர் | ஞாயிறு, காலை 11:40

இப்போதுதான் கேட்டுவிட்டு வருகிறேன். கோபப்பட்டுவிட்டார். "என்னை யாரப்பா கணக்கிலிருந்து எடுத்தது? மாதம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன்" என்றார். குழுவில் அவர் பெயருக்கு எதிரே "விலக்கு" என்று இருந்ததை அவருடைய மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. மூன்று மாதத் தவணை, மாதம் 875 என்று முடிவு செய்தோம். லாரிப் பங்கு 1,200-ஐ முதல் மாதமே தந்துவிடுகிறாராம்.

இன்னும் இரண்டு சிக்கல். 304 கட்டுநரின் பெயரிலேயே இருக்கிறது, கூப்பிட்டால் எடுப்பதில்லை. 102 போன மாதம்தான் கைமாறியது. புதியவர், "மோட்டார் எரிந்தது நான் வாங்குவதற்கு முன்னால், பழையவரிடம் கேளுங்கள்" என்கிறார்.

கிணற்றடி | ஞாயிறு, பகல் 12:15

புதிய மோட்டாரில் குளிப்பது அவர்தானே!

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 1:50

304 எளிது. பங்கு 4,750, லாரி கிடையாது. அதை மற்றவர்கள் மீது பரப்பாதீர்கள். பரப்பிவிட்டால் கட்டுநரின் கடன் அன்றோடு மறைந்துவிடும், பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். சங்க இருப்பிலிருந்து தற்காலிகமாகப் போட்டு, அந்த வீட்டின் பெயரில் நிலுவை என்று எழுதுங்கள். விற்கும் நாளில் நிலுவையில்லாச் சான்று கேட்டு வந்தே தீருவார். 104-இன் இரண்டு தவணை 1,750-உம் சேர்த்து இருப்பிலிருந்து 6,500 கைமாற்றாகப் போகும். 18,000 எடுத்த பிறகு அவ்வளவு பணம் இருக்கிறதா?

102-இல் ஒரு முள் இருக்கிறது. சங்கத்தைப் பொறுத்தவரை இன்று உரிமையாளர் யாரோ அவரிடம்தான் கேட்க வேண்டும்; வாங்கியவரும் விற்றவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் விற்பனைக்கு முன் நீங்கள் நிலுவையில்லாச் சான்று கொடுத்தீர்களா? அன்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா?

மாடிவீட்டுச்செயலர் | ஞாயிறு, பிற்பகல் 2:33

இருப்பில் 25,000 மீதம் இருக்கிறது. சான்று கொடுத்தது வெள்ளிக்கிழமை. மோட்டார் நின்றது சனிக்கிழமை மாலை. லாரி வந்த நாள்களில் புதியவர் குடியேறிவிட்டார்.

சட்டம்_படித்தவன் | ஞாயிறு, மாலை 4:10

வெள்ளிக்கிழமை நிலுவை இல்லைதான், சான்று பொய்யில்லை. ஆனால் தண்ணீர் காற்றோடு வந்துகொண்டிருந்ததாக யாராவது அதற்கு முன்பே குழுவில் எழுதியிருந்தால், தெரிந்தே மறைத்தீர்கள் என்று அவர் வாதாடலாம். வெல்வாரா என்பது வேறு. 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டின் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் சங்கம் பழைய சங்கப் பதிவுச் சட்டத்தில் மட்டும் இருந்தால், துணைவிதியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். 4,750 ரூபாய்க்கு வழக்கு வேண்டாம், அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்.

மாடிவீட்டுச்செயலர் | ஞாயிறு, இரவு 8:45

புதிதாக எழுதிய கடிதம் இது. பில், மோட்டாரின் படம், கேமராப் பதிவு மூன்றையும் இணைக்கிறேன்.

"உரிமையாளர்களுக்கு வணக்கம். நமது போர்வெல் மோட்டார் எரிந்ததால் புதியது மாட்டி, 30 அடி மணலை அகற்றியுள்ளோம். செலவு இரண்டு வகை.

ஒன்று, பழுது. பில் ரூ. 82,800. பழைய மோட்டார் விற்ற ரூ. 4,800-உம் சங்க இருப்பு ரூ. 18,000-உம் போக ரூ. 60,000. இது துணைவிதிப்படி நிலப் பங்கில், சதுர அடிக்கு ரூ. 12.50 வீதம் 12 வீடுகளுக்கும் உரியது. வீடு பூட்டியிருந்தாலும், விற்காமல் இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. இரண்டு, லாரித் தண்ணீர், 6 லாரிக்கு ரூ. 12,000. ஆள் இருந்த 10 வீடுகளுக்கு மட்டும் தலா ரூ. 1,200.

101, 201, 301, 302: ரூ. 7,763.
102, 103, 202, 303: ரூ. 5,950.
104, 204: ரூ. 3,825.
203, 304: ரூ. 4,750, லாரிப் பங்கு இல்லை.

மொத்தம் ரூ. 72,002, மிகுதி ரூ. 2 சங்க இருப்பில் சேரும். 301 முன்பணமாகத் தந்த ரூ. 10,000-இல் அவர் பங்கு போக ரூ. 2,237 அவருக்குத் திருப்பித் தரப்படும். தவணை வேண்டுபவர் யாராக இருந்தாலும் செயலரிடம் தனியாகச் சொல்லலாம். பெயர் குழுவில் வராது. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் பழுதுப் பங்கை வாடகைதாரரிடம் கேட்க வேண்டாம் என்பது சங்கத்தின் வேண்டுகோள். 10-ஆம் தேதிக்குள் செலுத்தவும்."

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9:10

கூட்டிப் பார்த்துவிட்டேன், பொருந்துகிறது. தவணை வரி நன்றாக இருக்கிறது.

மூன்றுபடுக்கை | ஞாயிறு, இரவு 9:32

நான் உங்கள் குடியிருப்பில் இல்லை என்பதால் பிழைத்தேன். மீட்டர் விஷயத்தை அடுத்த பொதுக்குழுவில் வைப்பீர்களா?

மாடிவீட்டுச்செயலர் | திங்கள், காலை 8:05

வைக்கிறேன். 302 ஏற்கெனவே உங்களைப் போலவே எழுதியிருக்கிறார், பணம் இன்னும் வரவில்லை. ஐந்து வீடுகள் இரவிலேயே அனுப்பிவிட்டன. 102 "பார்க்கிறேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

கிணற்றடி ஐயா, பெட்டியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும் வசதி இருக்கிறது, ஆனால் அதன் விசை "ஆஃப்"-இல் இருக்கிறது.

கிணற்றடி | திங்கள், காலை 8:11

விசையை வெறுமனே திருப்பிவிடாதீர்கள். மோட்டார் நன்றாகத் தண்ணீர் எடுக்கும்போது ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்து, அதற்குக் கீழே அளவை வைக்க வேண்டும். மாட்டிய ஆளைக் கூப்பிடுங்கள், காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அது அந்த 7,000 கூலியிலேயே அடங்கிய வேலை.